விக்டோரியா அணையின் கணக்கு: ஆற்றின் கடைசியிலிருந்து சில கேள்விகள்

விக்டோரியா அணை கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு அது மலைநாட்டு விஷயம் போலத் தெரியலாம். ஆனால் அந்த அணை மறித்து வைத்திருக்கிற மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மேலே என்ன முடிவெடுத்தாலும் அதன் மிச்சம் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பொருளியல் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர் இந்த அணையைத் தங்கள் செலவு-பயன் பகுப்பாய்வு அளிக்கைக்கு எடுத்திருந்தார்கள். கேள்வி கேட்க இருந்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நீர்ப்பாசனத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர். இப்படிப்பட்ட அளிக்கைகளில் வழக்கமாகக் கேட்கப்படுபவை 'தரவு எங்கே எடுத்தீர்கள்', 'வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் ஏன் பத்து சதவீதம்' போன்ற கேள்விகள். அவற்றுக்குப் பிள்ளைகள் பதில் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். கணக்கின் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கும் கேள்விகள் வேறு. அவற்றையும் அவற்றால் என்ன வெளியே வந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அணையைப் பற்றி. 1968இல் போட்ட மகாவலிப் பெருந்திட்டம் முப்பது ஆண்டுகளில் முடிய வேண்டியது. 1977இல் ஆட்சி மாறியதும் அதில் முக்கியமான பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிப்பது என்று துரிதப்படுத்தினார்கள். கொத்மலைக்கு சுவீடன், ரன்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா, விக்டோரியாவுக்கு பிரித்தானியா என்று உதவி வந்தது. 122 மீற்றர் உயரமான கொங்கிரீட் வளைவு அணை, 72 கோடிக் கனமீற்றர் அளவு நீர்த்தேக்கம், 210 மெகாவாற்று மின்நிலையம். 1985 ஏப்ரலில் திறந்தார்கள். பிரித்தானியா கொடுத்த மானியம் 11 கோடி 30 இலட்சம் பவுண்.

தண்ணீரை இரண்டு தரம் விற்ற கணக்கு

மாணவர்களின் பயன் பக்கத்தில் இரண்டு பெரிய வரிகள் இருந்தன: ஒன்று மின்சாரம், மற்றது நெல். நெல் வரியில் கந்தளாய், மின்னேரியா, கவுடுல்ல என்று எங்கள் பக்கத்துக் குளங்களின் சிறுபோக விளைச்சலைச் சேர்த்திருந்தார்கள். திருகோணமலைப் பிள்ளைகள் அல்லவா, கந்தளாயை விடுவார்களா? கூட்டிப் பார்த்தால் பயன் செலவைத் தாராளமாகத் தாண்டியது.

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கந்தளாய்க்கு வருகிற மகாவலித் தண்ணீர் எந்த வழியால் வருகிறது?"

ஒரு மாணவி வரைபடத்தைக் காட்டினாள். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில், 1976இல் கட்டிய தடுப்பணையில் திருப்பப்படுகிறது. எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து போவத்தன்ன, அம்பன் கங்கை, எலகெர, அப்புறம் குளங்கள். சரியாகத்தான் சொன்னாள்.

"சரி, பொல்கொல்லை விக்டோரியாவுக்கு மேலேயா கீழேயா?"

"மேலே, சேர்" என்றாள். சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. பொல்கொல்லையில் திரும்பிய தண்ணீர் விக்டோரியாவை எட்டிப் பார்ப்பதே இல்லை. கந்தளாய் நெல்லுக்கு விக்டோரியா ஒரு காரணமே கிடையாது. சொல்லப்போனால் அந்தத் தண்ணீர் விக்டோரியாவின் சுழலிகளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. மாணவர்கள் ஒரே தண்ணீரை மலையில் மின்சாரமாகவும் கந்தளாயில் நெல்லாகவும் இரண்டு தரம் விற்றிருந்தார்கள்.

இது மாணவர்கள் மட்டும் விடும் பிழை அல்ல. பல அணைகளை ஒரே திட்டமாகச் சேர்த்துப் பேசும்போது ஒவ்வொரு அணையும் முழு ஆற்றையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. பயன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எத்தனை கனமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். கூட்டுத்தொகை ஆற்றில் வருவதைத் தாண்டினால் எங்கோ இரட்டிப்பு நடந்திருக்கிறது. ரூபாயை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் இது கண்ணில் படாது.

அதோடு விடாமல் அந்தத் தண்ணீரின் அமையச் செலவை, அதாவது அதை மற்ற வழியில் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பயனை, கரும்பலகையில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். கணக்கு கஷ்டமில்லை. விக்டோரியாவில் தண்ணீர் ஏறக்குறைய 190 மீற்றர் விழுகிறது. ஒரு கனமீற்றர் தண்ணீர் என்பது ஆயிரம் கிலோ. சுழலி, மின்பிறப்பாக்கி இழப்புக்களைக் கழித்து 87 சதவீதம் தேறும் என்று கொண்டால்:

```
1000 × 9.81 × 190 × 0.87 ÷ 3 600 000 ≈ 0.45 kWh
```

கனமீற்றருக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து இலட்சம் கனமீற்றர் என்றால் நாலரை இலட்சம் யூனிட். இனி அதே தண்ணீரை வயலுக்கு விடுவோம். சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் வேளாண்மைக்கு ஐந்து ஏக்கர்-அடித் தண்ணீர் என்று வைத்தால் அது ஏறக்குறைய 6,200 கனமீற்றர். பத்து இலட்சம் கனமீற்றரில் 160 ஏக்கர் செய்யலாம். ஆக, ஓர் ஏக்கருக்குப் போகும் தண்ணீர் விக்டோரியாவில் 2,800 யூனிட் தந்திருக்கும். விக்டோரியாவுக்குக் கீழே ரன்தெனிகல, ரன்தம்பே என்று இன்னும் இரண்டு மின்நிலையங்களில் அதே தண்ணீர் விழும், அதைக் கூட்ட வேண்டும். மறுபக்கம் திருப்பிய தண்ணீர் உக்குவெலவில் கொஞ்சம் மின்சாரம் தருகிறது, அதைக் கழிக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஏக்கருக்கு மூவாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

இப்போது கேள்வி தெளிவாகிறது. கந்தளாயில் ஓர் ஏக்கர் சிறுபோக வேளாண்மையில் விதை, பசளை, உழவு, வெட்டுக்கூலி எல்லாம் போக நிற்கும் பணம், எண்ணெயில் உற்பத்தி செய்யும் மூவாயிரம் யூனிட் மின்சாரத்தின் செலவைத் தாண்டுமா? எந்த வருட விலையைப் போட்டாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கந்தளாய் விவசாயி இதைப் பார்த்துக் கோபப்படுவார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வியைக் கேட்காமல் விடுவது அவருக்கு உதவி செய்வதாகாது.

ஓய்வுபெற்ற பொறியியலாளர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். "தம்பி, வருடத்தை மொத்தமாகப் பார்த்தால் பிழை. மார்கழியில விக்டோரியா வான் பாயுதென்றால் அந்த நேரம் பொல்கொல்லையில திருப்புற தண்ணிக்கு விலையே இல்லை. ஆடியில திருப்புற தண்ணிதான் தங்கம்." மாதம் மாதமாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் சொன்னது. மழை நல்ல வருடத்தில் இரண்டு பக்கமும் நிறையும். வறட்சி வருடத்தில் மின்சார சபைக்கும் விவசாயிக்கும் ஒரே தண்ணீர் வேண்டும். சராசரி வருடம் ஒன்றை வைத்துப் போடும் கணக்கில் அந்தச் சண்டை தெரியவே தெரியாது.

எந்த வருட விலை

மாணவர்கள் மின்சாரத்துக்குப் பெறுமதி போட்ட முறை சரியானது: அணை இல்லாவிட்டால் அந்த மின்சாரத்தை எண்ணெய் எரித்துத்தான் எடுத்திருக்க வேண்டும், ஆகவே மிச்சமான எண்ணெய்தான் பயன். ஆனால் 1980இன் எண்ணெய் விலையை ஐம்பது வருடத்துக்கும் அப்படியே நீட்டியிருந்தார்கள். முடிவெடுத்தவர்களும் அந்த நாளில் அந்த விலையைத்தான் பார்த்தார்கள். ஈரான் புரட்சிக்குப் பிறகு பீப்பாய் முப்பது டொலருக்கு மேலே போயிருந்த காலம் அது. அணை திறந்து ஒரு வருடத்துக்குள், 1986இல், விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அரிசியும் அதே கதைதான். 1981இல் உச்சத்தில் இருந்த உலகச் சந்தை விலை பத்தாண்டின் நடுவில் சரிந்து கிடந்தது. அரிசி இறக்குமதியை மிச்சப்படுத்தினோம் என்ற வரி அதோடு சுருங்கும்.

நடந்தது தெரிந்த பின் குறை சொல்வது சுலபம். அதனால் கேள்வியை இப்படிக் கேட்டோம்: எண்ணெய் விலை பாதியாகியும், கட்டுமானச் செலவு ஒன்றரை மடங்காகியும் இருந்தால், பயனைச் செலவால் வகுத்து வரும் உங்கள் விகிதம் ஒன்றுக்கு மேலே நிற்குமா? இது கற்பனையான பயமுறுத்தல் அல்ல. 2000இல் வெளியான உலக அணைகள் ஆணையத்தின் அறிக்கை, தான் பார்த்த பெரிய அணைகளில் செலவு சராசரியாக 56 சதவீதம் கூடியதாகச் சொன்னது. 2014இல் 245 அணைகளை வைத்துச் செய்த ஒக்ஸ்போர்ட் ஆய்வில் அது 96 சதவீதம். மாணவர்கள் அந்த இடத்திலேயே மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்கள். நெல் வரியையும் சரிசெய்த பிறகு விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. அளிக்கையிலே மிகவும் பயனுள்ள ஐந்து நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மானியத்தைப் பற்றியும் ஒரு கேள்வி. "இலவசமாக வந்த காசுதானே, செலவில் ஏன் போட்டீர்கள்?" என்று பொறியியலாளர் வேண்டுமென்றே சீண்டினார். ஒரு மாணவன் தயங்காமல் பதில் சொன்னான்: அந்தக் காசை வேறு எதற்கும் எடுக்க முடியாது என்றால் இலங்கையின் பார்வையில் அதன் அமையச் செலவு பூச்சியம், பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கேட்டிருந்தாலும் தந்திருப்பார்கள் என்றால் முழுத் தொகையும் செலவு. ஒப்பந்தங்கள் பிரித்தானியக் கம்பனிகளுக்கே போயின. ஆகவே இலாபம் பெற்றவர்கள் பட்டியலில் அந்தக் கம்பனிகளுக்கும் ஒரு வரி வேண்டும் என்றும் சேர்த்தான். அவனை அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

தெல்தெனியாவில் இருந்து எழும்பியவர்கள்

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 30,000 பேர் இடம் விட்டுப் போனார்கள். பழைய தெல்தெனியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வறட்சி வருடங்களில் பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும். போனவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்து மேட்டு நிலங்களுக்கும் புதிய நகரத்துக்கும் போக, ஒரு பகுதியினர் கிராந்துருகோட்டைப் பக்கம், மகாவலி 'சி' வலயத்துக்குக் குடியேறிகளாகப் போனார்கள். அங்கே குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக்காணியும்.

மாணவர்களின் செலவுப் பக்கத்தில் இது ஒரே வரியாக 'நட்டஈடு' என்று இருந்தது. பயன் பக்கத்தில் வலயத்தின் புதிய நெல் விளைச்சல் முழுவதும் இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை மக்கள் போன கணக்கு முடிந்துவிட்டது.

இங்கே கேட்க வேண்டியது, கொடுத்த நட்டஈடும் இழந்ததும் ஒன்றா என்பது. அரசு கொடுப்பது காணியின் சந்தை விலை. விற்க விருப்பமில்லாதவன் கேட்கும் விலை எப்போதும் அதற்கு மேலேதான். அதோடு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் கையில் காசோடு பக்கத்தில் காணி தேடினால் காணி விலை ஏறாமல் என்ன செய்யும்? பழைய விலையில் வாங்கிய நட்டஈடு புதிய விலையில் பாதிக் காணிக்கும் காணாது. விலைவாசியும் சேர்ந்துகொண்டது. 1980இல் இலங்கையில் பணவீக்கம் 26 சதவீதம். அந்த வேகத்தில் பத்தாயிரம் ரூபாய் நட்டஈடு ஒரு வருடம் பிந்திக் கைக்கு வந்தால் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய 7,900. பிந்திய அந்த ஒரு வருடத்தில் குடும்பம் இழந்த இரண்டாயிரம் எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாக நிற்பதில்லை, ஏனென்றால் திறைசேரி அதைச் செலவழிக்கவில்லை.

கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டம் என்பது பலா, மிளகு, கமுகு, கோப்பி, தென்னை எல்லாம் கலந்து நிற்கும் ஒரு வருமானம். அதில் பெரும்பகுதி சந்தைக்கு வராமல் வீட்டுச் சட்டிக்குப் போகும். மிளகு விற்ற சில்லறை பெரும்பாலும் பெண்களின் கையில் நிற்கும். வலயத்தில் வயல் குடும்பத் தலைவரின் பெயரில். குடும்பத்தின் மொத்த வருமானம் ஏறியிருந்தாலும், வீட்டுக்குள் யாருடைய கையில் காசு புழங்குகிறது என்பது மாறிவிட்டது. மலையில் இருந்தவர்கள் முன்பு கண்டிராத மலேரியா அங்கே காத்திருந்தது. 80களில் மகாவலி வலயங்களில் குடியேறிகளைப் பெரிதாக வாட்டியது அந்தக் காய்ச்சல். மருந்துச் செலவை மாணவர்கள் சுகாதாரச் செலவாகப் போடலாம் என்றார்கள். சரி, ஆனால் காய்ச்சலில் படுத்த இரண்டு கிழமை விதைப்புக் காலமாக இருந்தால் இழப்பு அந்தப் போகம் முழுவதும்.

நட்டம் பட்டவர்களுக்கு உண்மையில் கொடுத்தார்களா என்று பார்க்காமல், இலாபம் பெற்றவர்கள் நினைத்தால் கொடுக்க முடியும் என்பதே போதும் என்று 1939இல் பொருளியலாளர்கள் கால்டோரும் ஹிக்ஸும் வைத்த விதியில்தான் செலவு-பயன் பகுப்பாய்வு இன்றும் ஓடுகிறது. அதற்கு மூன்று வருடம் முந்திய அமெரிக்க வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பயன் யாருக்குப் போனாலும் சரி என்றுதான் எழுதியது. மாணவர்கள் இந்த விதியைப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். ஆனால் தங்கள் 'நட்டஈடு' வரிக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தைக் கேட்டபோதுதான் யோசித்தார்கள். விக்டோரியாவின் மின்சாரம் போனது முதலில் கொழும்புப் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் மின் இணைப்பு இருந்த வீடுகளுக்கும். அந்த நாளில் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். குடியேறிய குடும்பத்தின் மண்ணெண்ணெய் விளக்கு வீட்டிலிருந்து கொழும்பு மின்கட்டணத்துக்குப் போன உதவி என்று இதை வாசித்தால் தப்பில்லை.

வலயங்களில் காணி யாருக்குப் பங்கிடப்பட்டது என்ற கேள்வியும் வந்தது. ஒரு மாணவன் மெதுவாகத்தான் கேட்டான். மகாவலி என்றால் இந்த மாவட்டத்தில் அணை மட்டும் நினைவுக்கு வராது. அரசியலை விடுவோம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் விடவில்லை. பொதுக் காசில் உருவான சொத்து எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு போனது என்பது, யார் பெற்றார் யார் இழந்தார் என்று கேட்கும் கணக்கின் நடுப்பகுதி. ஒரு மாவட்டத்தின் குடிசன விகிதம் மாறினால் அதன் செலவை எந்த விலையிலும் எழுத முடியாது. ஆனால் அட்டவணையில் சமூகவாரியாக ஒரு பிரிப்பைக் காட்ட முடியும். காட்டச் சொன்னோம்.

எருமைப் பட்டியின் விலை

மகாவலியின் கீழ்ப்பகுதியில், பொலநறுவையிலிருந்து எங்கள் எல்லை வரை, ஆற்றங்கரையில் வில்லுகள் உண்டு. வெள்ளத்தில் நிரம்பி, கோடையில் வற்றும் சதுப்பு நிலங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதியிலும் அங்கே புல் நிற்கும். யானைக்கும் அது வேண்டும், மாட்டுக்கும் வேண்டும். மேலே அணைகள் வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் வில்லுக்கு ஏறும் தண்ணீர் குறையும். வெள்ளத்தோடு வரும் வண்டலும் மேலேயே தங்கிவிடும்.

கிண்ணியாவில் இருந்து வந்த மாணவி ஒருத்தி அளிக்கைக் குழுவில் இல்லை, பார்வையாளராக இருந்தாள். "எங்கட மாமாட பட்டியை கோடைக்கு ஆத்துப் பக்கம்தான் கொண்டு போறவங்க. புல்லு இல்லாட்டி பால் இறங்கும், தயிர்ச் சட்டி பாதியாகும்" என்றாள். மூதூர், கிண்ணியாத் தயிரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் விக்டோரியாவின் செலவுப் பட்டியலில் தயிருக்கு வரி கிடையாது.

அப்படியானால் போட்டுப் பார்ப்போம் என்று அவளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டோம். ஒரு பட்டியில் இருபது கறவை எருமை என்று வைத்தாள். வில்லு நிரம்பாத வருடத்தில் இரண்டு மாதம், ஓர் எருமைக்கு நாளைக்கு ஒரு லீற்றர் பால் குறைகிறது. அப்படியென்றால் ஒரு பட்டிக்கு 1,200 லீற்றர். வைக்கோலோ தவிடோ வாங்கிக் கொடுத்து அந்தக் குறைவை ஈடுகட்ட முடியும் என்றால் அந்தத் தீனிச் செலவும் பால் இழப்பும் இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும், இரண்டையும் கூட்டக் கூடாது. பட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மாவட்டத்துக்கு ஒரு தொகை வரும். ஊகம்தான், ஆனால் எந்தத் தகவலைத் தேடிப் போக வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பால் குறைந்தது அணையாலா? விக்டோரியா திறந்த 1985இல் இந்த மாவட்டத்தில் யுத்தம் தொடங்கிவிட்டது. பட்டிகள் கைவிடப்பட்டன, மாடுகள் களவு போயின, ஆற்றுப் பக்கம் போகவே முடியாத வருடங்கள் இருந்தன. மேலே ஒரு அணை இல்லை, பல அணைகள். கொட்டியாரக் குடா மீனவரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் குறைந்தால் முகத்துவாரத்தில் உப்பு உள்ளே ஏறும், கண்டலுக்கும் இறாலுக்கும் அது நல்லதல்ல என்பது தெரிந்த விஷயம். ஆனால் கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்து மீன்பிடிக் கணக்கை வைத்து அணையின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. அணைக்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் ஒப்பிடும் வழி எங்களுக்கு அடைபட்டுவிட்டது.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. முன்-பின் என்று பார்க்காமல், வெள்ளம் ஏறிய வருடத்தையும் ஏறாத வருடத்தையும், யுத்தம் முடிந்த 2009க்குப் பிந்திய வருடங்களுக்குள்ளேயே ஒப்பிடலாம். வில்லுகளில் தண்ணீர் நின்ற பரப்பைச் செய்மதிப் படங்களில் அளக்கலாம். பால் சேகரிப்பு நிலையங்களின் பற்றுச்சீட்டுகளில் மாதவாரிப் பால் இருக்கும். வெள்ளத்துக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால், அணைகள் எவ்வளவு வெள்ளத்தைப் பிடித்தன என்ற நீரியல் கணக்கோடு அதைப் பெருக்கலாம்.

பொறியியலாளர் மறுபக்கத்தையும் நினைவூட்டினார். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் தாழ்நிலங்களில் வெள்ளம் வந்தால் வீடும் வேளாண்மையும் போகும். மேலே பிடிக்கும் ஒவ்வொரு வெள்ளமும் அங்கே ஒரு பயன். ஆக ஒரே வெள்ளம் ஒரு குடும்பத்துக்கு வரவு, பக்கத்துக் குடும்பத்துக்குச் செலவு. மாவட்டத்துக்கு ஒரே தொகையாகக் கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல அட்டவணை காட்டும்.

ஐம்பதாவது வருடம்

கழிவு வீதக் கேள்வியைக் கடைசியாகத்தான் கேட்டோம். பத்து சதவீதத்தில், முப்பது வருடம் கழித்து வரும் நூறு ரூபாயின் இன்றைய பெறுமதி ஐந்து ரூபாய் எழுபது சதம். ஐம்பது வருடம் என்றால் 85 சதம். மூன்று சதவீதம் போட்டால் அவை 41 ரூபாயும் 23 ரூபாயும். பத்து சதவீதத்தில் ஐம்பது வருடப் பயன் முழுவதிலும் 95 சதவீதம் முதல் முப்பது வருடத்திலேயே அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நீர்த்தேக்கம் வண்டலால் நிரம்பினாலும், சுழலிகளை மாற்ற வேண்டி வந்தாலும், விகிதத்தில் அசைவு தெரியாது. பொல்கொல்லை நீர்த்தேக்கம் திறந்து பன்னிரண்டு வருடங்களில் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் வண்டலுக்கு இழந்தது. விக்டோரியா அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, அவ்வளவு வேகமாக நிரம்பாது. ஆனால் மேலே மலைச்சரிவுகளில் மண்ணைப் பிடித்து வைக்க ஆகும் செலவைக் கழிவு வீதம் எப்படி மறைக்கிறது என்பதை இதில் பார்க்கலாம்.

அணை உடையும் ஆபத்துக்கு மாணவர்கள் வரியே வைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் இதை மறக்கக் கூடாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பழைய மண் கட்டு, விக்டோரியா கொங்கிரீட் வளைவு. இரண்டையும் சமமாக வைக்க முடியாது. வருடத்துக்கு இத்தனை ஆயிரத்தில் ஒன்று என்ற நிகழ்தகவை இழப்பால் பெருக்கினால் கிடைக்கும் தொகை சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் கண்காணிப்பு, பராமரிப்பு, எச்சரிக்கை முறை ஆகியவற்றுக்கு வருடாவருடம் ஆகும் செலவு உண்மையான செலவு. அது கட்டுமானச் செலவின் ஒரு சதவீதமாக எங்கேயோ ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, தனி வரியாக நிற்க வேண்டும். அந்தச் செலவை எந்த வருடத்தில் அரசு வெட்டினாலும் ஆபத்து கூடும் என்பதையும் கீழே குறிப்பாக எழுதச் சொன்னோம்.

திருத்திக் கொண்டுவந்த அட்டவணையில் கடைசி விகிதம் ஒன்று மட்டும் இருக்கவில்லை. வரிகளில் விக்டோரியா மேட்டு நிலம், 'சி' வலயம், கொழும்பு மின்பாவனையாளர், திறைசேரி, கீழ் மகாவலி என்று ஐந்து இடங்கள். நிரல்களில் மின்சாரம், நீர், காணி, சுகாதாரம், வெள்ளம். கந்தளாய் பட்டியலை விட்டுப் போய்விட்டது. அது பொல்கொல்லையின் கணக்கு. கீழ் மகாவலி வரியில் நான்கு கட்டங்களில் தொகை இல்லை, கூட்டல் கழித்தல் குறி மட்டும், பக்கத்தில் எந்தத் தகவல் கிடைத்தால் தொகை போடலாம் என்ற குறிப்பு. பூச்சியம் போடவில்லை. அதற்குத்தான் கூடுதல் புள்ளி கொடுத்தேன்.

விக்டோரியா கட்டியது சரியா என்று கடைசியில் என்னையே திருப்பிக் கேட்டார்கள். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் சரி என்றுதான் நினைக்கிறேன். எண்ணெய் விலை விழுந்த வருடங்களையும் தாண்டி அந்தச் சுழலிகள் நாற்பது வருடமாக உழைத்திருக்கின்றன. நெல்லைச் சேர்த்து நியாயப்படுத்தினது எனக்கு ஒப்பவில்லை. ஆறு வருட அவசரம் இல்லாமல், குடியேற்றத்தை முதலில் செய்து, நீர்த்தேக்கத்தை நிரப்புவதை இரண்டு வருடம் தள்ளியிருந்தால் எவ்வளவு மின்சாரம் இழந்திருப்போம், எவ்வளவு துன்பம் குறைந்திருக்கும் என்பதை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த குழு அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.